எண்ணெயில் படிக்கும் தாளின் வயது

துணைமின் நிலையத்தில் நிற்கும் பெரிய மின்மாற்றியில் பழுதானால் மாற்றக்கூடிய பாகங்கள் பல. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புஷ்ஷிங்கை மாற்றலாம். ரேடியேட்டரை, விசிறியை, ரிலேயை மாற்றலாம். ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெயைக் கூடச் சுத்தப்படுத்தி மறுபடி ஊற்றலாம். ஆனால் உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் காப்புத்தாளை மட்டும் மாற்ற வழியில்லை. அதை மாற்றுவதென்றால் சுருள்களையே புதிதாகச் சுற்ற வேண்டும். அது கிட்டத்தட்ட வேறு மின்மாற்றி செய்வதற்குச் சமம். அதனால் மின்மாற்றியின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டால், அந்தத் தாளின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவு என்பதுதான் விடை.

அந்தத் தாளை யாரும் பார்க்க முடியாது. எண்ணெயில் மூழ்கி, எஃகுத் தொட்டிக்குள், சுருளின் அடுக்குகளுக்கு நடுவே அது இருக்கிறது. முப்பது ஆண்டு உழைத்த ஒரு மின்மாற்றியின் தாள் இன்னும் உறுதியாக இருக்கிறதா, தொட்டால் உதிருமா என்பதை, அதைத் தொடாமலே சொல்லியாக வேண்டும். இதற்காக எண்ணெயில் தேடப்படும் ஒரு பொருள்தான் ஃபர்ஃபுரால். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது அறிக்கையைக் கையில் வாங்கும் பொறியாளர்களுக்கே பல சமயம் தெளிவாக இருப்பதில்லை. அறிக்கையின் கடைசி வரியில் அச்சாகும் ஒற்றை எண்ணை நம்பி, நல்ல மின்மாற்றியைக் கழித்தவர்களும் உண்டு. கெட்டதை நல்லதென்று ஓட்டுபவர்களும் உண்டு.

முதலில் தாளைப் பார்ப்போம். மரக்கூழிலிருந்து செய்யப்படும் கிராஃப்ட் தாள் இது. இதன் முக்கியப் பொருள் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீளும் சங்கிலிதான் செல்லுலோஸ் மூலக்கூறு. ஒரு சங்கிலியில் சராசரியாக எத்தனை குளுக்கோஸ் அலகுகள் இருக்கின்றன என்பதே பலபடியாக்க அளவு. ஆய்வகங்களில் இதை டி.பி. என்றே சொல்வார்கள். புதிய தாளில் இது 1,200 அளவில் இருக்கும். மின்மாற்றித் தொழிற்சாலையில் சுருளைச் சூடாக்கி ஈரம் நீக்கும்போதே கொஞ்சம் குறைந்து, மின்மாற்றி வேலையைத் தொடங்கும் நாளில் 1,000 அளவுக்கு வந்துவிடும். டி.பி. 200க்கு இறங்கினால் தாளின் ஆயுள் முடிந்தது என்று உலகெங்கும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் 200? அந்த நிலையில் தாள் மின்சாரத்தைத் தடுக்கும் தன்மையை இழந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பழுப்பேறிய தாள் அசையாமல் கிடக்கும்வரை மின்னழுத்தத்தை ஏறக்குறைய பழையபடியே தாங்கும். போவது அதன் இழுவலிமை. பரணில் கிடந்த பழைய செய்தித்தாளை மடித்தால் மடிப்பிலேயே ஒடிவதைப் போல, டி.பி. 200ஐ எட்டிய காப்புத்தாள் வளைத்தால் நொறுங்கிவிடும். மின்மாற்றிக்கு வெளியே, அது ஊட்டும் பாதையில் எங்கோ ஒரு குறுக்குச் சுற்று ஏற்படுகிறது. சுருளில் பாயும் மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆகிறது. கம்பிகளுக்கிடையே உண்டாகும் விசை மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், ஓட்டம் பத்து மடங்கானால் விசை நூறு மடங்காகும். அந்த உலுக்கலில் உறுதியான தாள் கம்பியோடு அசைந்து கொடுக்கும்; நைந்த தாள் விரிசல் விடும். விரிசல் வழியே அடுத்தடுத்த சுற்றுகள் தொட்டுக்கொண்டால் மின்மாற்றி அங்கேயே முடிந்தது. இதனால்தான், நேற்றுவரை எந்தக் குறையும் காட்டாத ஒரு பழைய மின்மாற்றி, வெளியே நடந்த சிறு விபத்துக்குப் பிறகு திடீரென்று போய்விடுகிறது.

இனி சங்கிலி எப்படி அறுகிறது என்பது. வெப்பம், ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து இதைச் செய்கின்றன. எண்ணெய் பழசாகும்போது உண்டாகும் அமிலங்களும் துணை போகின்றன. நீரும் அமிலமும் சேர்ந்து குளுக்கோஸ் அலகுகளுக்கு இடையிலான இணைப்பை அறுக்கும் நீராற்பகுப்புதான் மின்மாற்றியின் வழக்கமான வெப்பநிலையில் முதன்மையான வினை. அறுபட்ட துண்டுகள் மேலும் சிதையும்போது புதிதாக நீரும் பிறக்கிறது. அதாவது, தாள் கெடுவதில் கிடைக்கும் நீரே அடுத்த கெடுதலுக்கு உதவுகிறது. சாதாரண கிராஃப்ட் தாளுக்குச் சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸ் என்பதைச் சர்வதேசத் தரநிலை அடிப்படையாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் கெடும் வேகம் இரட்டிப்பாகிறது. 98க்குப் பதிலாக 110இல் ஓடினால் நான்கு மடங்கு.

இங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. 1936இல் ஏகென்ஸ்டாம் என்பவர் செல்லுலோஸ் அறுபடுவதற்குக் கொடுத்த சமன்பாட்டிலிருந்து வருவது அது. 1,000 அலகுள்ள சங்கிலியில் ஒரு வெட்டு விழுந்தால் இரண்டு துண்டு, சராசரி 500. இரண்டு வெட்டில் மூன்று துண்டு; சராசரி 333. மூன்று வெட்டில் 250, நான்கு வெட்டில் 200. ஆக, புதிய தாளிலிருந்து ஆயுள் முடிவுவரை மொத்தமே நான்கு வெட்டுதான். வெப்பமும் ஈரமும் மாறாமல் இருந்து, இந்த நான்கு வெட்டுக்கு 40 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் பத்தாம் ஆண்டிலேயே டி.பி. 500க்கு வந்துவிடும். பாதியாகிவிட்டதே என்று அப்போது பதறத் தேவையில்லை. ஆயுளில் கால்பங்குதான் கழிந்திருக்கிறது. மாறாக, 250இலிருந்து 200க்கு இறங்குவது சிறிய எண்ணாகத் தெரிந்தாலும், அதுவும் முழுசாக ஒரு வெட்டு, அதே பத்தாண்டு. டி.பி.யை நேர்கோட்டில் படிப்பவர்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். உண்மையான மின்மாற்றியில் ஈரமும் அமிலமும் வருடத்துக்கு வருடம் கூடுவதால் பின்பாதி இந்தக் கணக்கைவிட வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

டி.பி.யை நேரடியாக அளப்பது கடினமான வேலை அல்ல. எண்ணெய் ஊறிய தாள்துண்டை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் கழுவி எண்ணெயை நீக்குகிறார்கள். பிறகு அதை நுணுக்கி, செம்பும் எத்திலீன்டைஅமினும் சேர்ந்த ஆழ்ந்த நீலக் கரைசலில் கரைக்கிறார்கள். செல்லுலோஸ் சாதாரணக் கரைப்பான்களில் கரையாது, இதில் கரையும். அந்தக் கரைசலை 20 டிகிரியில் நிறுத்திய மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே இறங்கவிட்டு, எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். சங்கிலி நீளமாக இருந்தால் கரைசல் பிசுபிசுத்து மெதுவாக இறங்கும். நறுங்கியிருந்தால் விரைந்து இறங்கும். அந்த நேரத்திலிருந்து டி.பி.யைக் கணக்கிடலாம். ஐ.இ.சி. 60450 என்ற தரநிலை இதை வரையறுக்கிறது. தேவைப்படும் தாள் மிகக் குறைவு. ஒரு கிராமில் சிறு பங்குதான்.

சிக்கல், அந்தச் சிறு பங்கை எங்கிருந்து எடுப்பது என்பதில் இருக்கிறது. மின்மாற்றியைத் திறந்தால் கை எட்டும் இடம், சுருளிலிருந்து வெளியே வரும் இணைப்புக் கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் தாள். அது சூடு குறைந்த இடம். அங்கே டி.பி. 700 என்றால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. தாள் அதிகம் வேகும் இடம் சுருளின் மேற்பகுதி. சூடான எண்ணெய் மேலே ஏறுவதாலும், சுருளின் நுனியில் காந்தப்புலம் வளைந்து கூடுதல் வெப்பம் தருவதாலும் அங்கேதான் சூடு உச்சம். அங்கிருந்து தாளை உரித்தால் அந்த இடத்தின் காப்பு போனது. நோயைக் கண்டுபிடிக்கப் போய் உயிரை எடுப்பதாகிவிடும்.

ஃபர்ஃபுரால் இங்கேதான் உதவுகிறது. செல்லுலோஸும், தாளில் அதனோடு கலந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸும் சிதையும்போது ஃபியூரான் வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. ஆய்வகம் ஐந்தைத் தேடும். அவற்றில் அதிகமாகக் கிடைப்பதும், எண்ணெயில் ஓரளவு நிலைத்து நிற்பதும் ஃபர்ஃபுரால். மக்காச்சோளக் கட்டையிலிருந்தும் உமியிலிருந்தும் தொழிற்சாலைகள் எடுக்கும் அதே பொருள்தான் இது. கனிம எண்ணெய் சிதைந்து ஃபர்ஃபுராலைத் தருவதில்லை. எண்ணெயில் கரையும் வாயுக்களைப் பொறுத்தவரை, கார்பன் மோனாக்சைடு தாளிலிருந்தும் வரலாம், எண்ணெயிலிருந்தும் வரலாம். ஃபர்ஃபுரால் இருக்கிறது என்றால் தாள் அல்லது பிரஸ்போர்டு சிதைந்திருக்கிறது என்று பொருள். 1984இல் இங்கிலாந்தின் மத்திய மின் உற்பத்தி வாரியத்தைச் சேர்ந்த பர்ட்டனும் அவருடைய சகாக்களும் சர்வதேசப் பெருமின் அமைப்புகளின் மன்றமான சிக்ரேயில் இதை முன்வைத்தார்கள். அன்றிலிருந்து இது பரவியது.

மாதிரி எடுப்பது எளிது. அடிவால்வில் தேங்கிய எண்ணெயைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு, ஒளி புகாத பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். அப்போது எண்ணெயின் வெப்பநிலை என்ன, லோடு எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். இதற்கான காரணம் பின்னால் வரும். ஆய்வகத்தில் எண்ணெயிலிருந்து ஃபர்ஃபுராலைப் பிரித்தெடுத்து, உயர்திறன் திரவ வண்ணப்படிவு முறையில் ஒரு நீண்ட குழாய் வழியே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு சேர்மமும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து அளவு தெரியும். கிடைக்கும் விடை பிபிஎம்மில், அதாவது ஒரு கிலோ எண்ணெயில் எத்தனை மில்லிகிராம் என்பதில். நூறில் ஒரு பிபிஎம் வரைகூடக் காணலாம். இது இல்லாத இடத்தில் அனிலீன் அசெட்டேட்டைச் சேர்த்து, வரும் இளஞ்சிவப்பு நிறத்தின் ஆழத்தைப் பார்ப்பதும் உண்டு.

இந்த பிபிஎம்மை டி.பி.யாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். பலர் பலவற்றைத் தந்திருக்கிறார்கள். அதிகம் புழங்குவது 1991இல் சென்டாங் தந்தது:

```
log10(F) = 1.51 - 0.0035 x DP
```

F என்பது பிபிஎம்மில் ஃபர்ஃபுரால். இதில் போட்டுப் பார்த்தால் டி.பி. 1,000க்கு 0.01 பிபிஎம், 800க்கு 0.05, 600க்கு 0.26, 400க்கு 1.3, 200க்கு 6.5 பிபிஎம் வருகிறது. முதலில் ஊர்ந்து பின்னால் பாய்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான ஆய்வக அறிக்கைகளின் கடைசி வரியில் அச்சாகும் 'கணக்கிட்ட டி.பி.' இப்படிப்பட்ட ஒரு சூத்திரத்திலிருந்து வருவதுதான். அது தாளில் அளந்தது அல்ல. சில மின்மாற்றிகளில் கண்ட போக்கைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் மேல் உங்கள் மின்மாற்றியையும் வைத்துச் சொன்னது. பர்ட்டனின் சூத்திரத்தில் அதே 0.26 பிபிஎம்மைப் போட்டால் டி.பி. 600 அல்ல, 615க்கு மேல் வருகிறது. இந்த வேறுபாடு சின்னது. இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்த் துணைமின் நிலையங்களில் சாதாரணமாகக் காணும் 110/11 கிலோவோல்ட், 16 எம்.வி.ஏ. மின்மாற்றிகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் எண்ணெயிலும் ஃபர்ஃபுரால் 0.26 பிபிஎம். இரண்டு அறிக்கையிலும் கணக்கிட்ட டி.பி. 600. முதல் மின்மாற்றியில் தாள் முழுவதும் சீராக வெந்து எங்கும் 600தான். ஒரு வெட்டுகூட முழுசாக விழவில்லை. இன்னும் பல ஆண்டு ஓடும்.

இரண்டாவது மின்மாற்றியில் தாளில் 95 சதவீதம் 800இல் நலமாக இருக்கிறது. மேற்பகுதிச் சுருளில், எண்ணெய் ஓடும் வழி குறுகியதாலோ வேறு காரணத்தாலோ, 5 சதவீதத் தாள் மட்டும் 250க்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பகுதியும் தன் பங்குக்கு ஏற்ற ஃபர்ஃபுராலைத் தருவதாக எளிமையாக எடுத்துக்கொள்வோம். 250இல் இருக்கும் தாள் சென்டாங் சூத்திரப்படி 4.3 பிபிஎம் தரும். அதில் 5 சதவீதம் என்றால் 0.216. 800இல் இருப்பது 0.051 தரும், அதில் 95 சதவீதம் 0.049. கூட்டினால் 0.265 பிபிஎம். திருப்பிப் போட்டால் டி.பி. 596. மின்மாற்றிக்குள் ஒரு துண்டுத் தாள்கூட 596இல் இல்லை. நல்ல தாளும் கெட்ட தாளும் கலந்து எண்ணெய் ஒரு சராசரியைச் சொல்கிறது. ஆனால் மின்மாற்றி போவது சராசரியால் அல்ல, அந்த 5 சதவீதத்தால்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம். அந்த 5 சதவீதம் 200ஐ எட்டிவிட்டது, மற்றது மாறவில்லை. இப்போது எண்ணெயில் 0.37 பிபிஎம். கணக்கிட்ட டி.பி. சுமார் 555. அறிக்கை 'நடுத்தர வயது' என்று சொல்லும்போதே மேற்சுருளின் தாள் முடிந்துபோயிருக்கிறது. 200 வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த 200 ஒருபோதும் அறிக்கையில் வராது. அதற்கு வெகு முன்பே மின்மாற்றி போயிருக்கும்.

அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். என் கருத்தில், இதன் மதிப்பு ஒற்றை எண்ணில் இல்லை. அதே மின்மாற்றியில், ஏறக்குறைய அதே எண்ணெய் வெப்பநிலையில், வருடாவருடம் எடுத்த எண்களின் ஓட்டத்தில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு மின்மாற்றிகளும் பத்தாண்டுக்கு முன் எங்கே இருந்தன என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒன்று 0.15இலிருந்து மெல்ல நகர்ந்து 0.26க்கு வந்திருக்கும். மற்றது நெடுங்காலம் 0.04, 0.05 என்று கிடந்து, கடைசி மூன்று நான்கு ஆண்டில் ஏறியிருக்கும். இரண்டாவது வகை ஏற்றத்தைக் கண்டால் கரைந்த வாயுப் பரிசோதனை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறுகிறது, எத்திலீனும் தலைகாட்டுகிறது என்றால், சூடேறிய இணைப்பு ஒன்று தாளையும் எண்ணெயையும் சேர்த்துக் கருக்குகிறது என்று சந்தேகிக்கலாம். வாயுக்கள் அமைதியாக இருக்க, எண்ணெயின் ஈரமும் அமிலத்தன்மையும் கூடியிருந்தால், பழுது ஒரு இடத்தில் அல்ல. தாள் பரவலாக ஊறிக் கெடுகிறது. பிரீதரின் சிலிக்கா ஜெல்லை நெடுநாள் மாற்றாமல் விட்ட இடங்களில் இதைப் பார்க்கலாம். முதல் வகைக்கு மருந்து பழுதைத் தேடித் திறப்பது; இரண்டாவதற்கு ஈரத்தை உலர்த்துவது.

அனுபவமுள்ள ஆய்வக வேதியியலாளரிடம் ஒரு அறிக்கையை நீட்டினால் அவர் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது, "எண்ணெயைக் கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க சார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத அறிக்கை பயனற்றது. ஃபுல்லர் மண் போன்ற உறிஞ்சு மண்ணின் வழியே எண்ணெயை மறுசீரமைத்தால், அமிலங்களோடு ஃபர்ஃபுராலும் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அடுத்த வாரம் எடுத்த மாதிரியில் 0.01 வரும், சூத்திரம் டி.பி. 1,000 என்று சொல்லும். முப்பது வயது மின்மாற்றி ஒரே வாரத்தில் பிறந்த குழந்தையாகிவிட்டதாகக் கோப்பில் ஏறும். உண்மையில் தாளில் ஒரு வெட்டுகூட ஒட்டவில்லை. ஃபர்ஃபுராலில் பெரும்பங்கு தாளுக்குள்ளேயே தங்கியிருக்கும்; எண்ணெயில் இருப்பது அதோடு சமநிலையில் உள்ள சிறு பங்கு. எண்ணெயைத் துடைத்துவிட்டால், தாள் மறுபடியும் தன்னிடம் உள்ளதை மெல்ல மெல்ல விட்டு அடுத்த மாதங்களில் புதிய சமநிலைக்கு வரும். அப்போது தெரியும் ஏற்றம் புதுக் கெடுதல் அல்ல, பழைய சரக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, சுத்திகரிப்புக்கு முன் ஒரு மாதிரி, முடிந்ததும் ஒன்று, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒன்று எடுத்து, கடைசியதைப் புதிய அடிக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதே இனி கணக்கு.

தாளுக்கும் எண்ணெய்க்கும் இடையிலான இந்தப் பங்கீடு வெப்பநிலையையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். சூடேறினால் தாள் அதிகம் விடும். குளிர்ந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும். மே மாதப் பிற்பகலில் முழு லோடில் எடுத்த மாதிரியையும், டிசம்பர் மழையில் லோடு இல்லாமல் குளிர்ந்து கிடந்தபோது எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசக்கூடாது. எண்ணெய் வெப்பநிலையை எழுதச் சொன்னது இதற்காகத்தான். இறங்கவே கூடாத ஒரு எண் இறங்கியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்த வெப்பநிலைக் குறிப்பு. அடுத்தது எண்ணெய் சுத்திகரிப்புப் பதிவேடு.

புதிய எண்ணெயிலேயே ஃபர்ஃபுரால் இருக்கக்கூடும் என்பதும் பலர் அறியாதது. கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய், மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றைச் சுத்திகரிக்கும் சில ஆலைகளில் ஃபர்ஃபுரால் ஒரு கரைப்பானாகப் பயன்படுகிறது. சொட்டு எஞ்சிவிடலாம். இதற்காகவே புதிய எண்ணெய்க்கான ஐ.இ.சி. 60296 தரநிலை அதற்கு 0.05 பிபிஎம் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. மின்மாற்றியை ஓட்டத் தொடங்கும் நாளிலேயே ஒரு மாதிரி எடுத்து வைப்பது, பிற்பாடு நடக்கும் வாதங்களில் பாதியைத் தீர்க்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி தாளின் வகை. வெப்பத்தைத் தாங்கும்படி நைட்ரஜன் சேர்மங்களால் பதப்படுத்திய கிராஃப்ட் தாள் ஒன்று உண்டு. அமெரிக்க வழக்கில் வந்த மின்மாற்றிகளில் இது சாதாரணம். அந்தத் தாள் சிதைந்தாலும் ஃபர்ஃபுராலை மிகக் குறைவாகவே விடுகிறது. அப்படிப்பட்ட மின்மாற்றியின் எண்ணெயில் 0.02 பிபிஎம் என்று வந்தால், தாள் நலமாக இருக்கலாம். பாதி ஆயுள் போயும் இருக்கலாம். சென்டாங் சூத்திரம் அங்கே செல்லாது. ஆனால் எந்தத் தாள் என்று கேட்காமலே அதே சூத்திரத்தைப் போட்டு டி.பி. 900 என்று அச்சிடும் அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாங்கியபோது கொடுத்த விவரக்குறிப்பைத் தேடி, பதப்படுத்திய தாளா, சாதாரணத் தாளா என்று பார்க்காமல் ஃபர்ஃபுரால் அறிக்கையைப் படிக்கவே கூடாது. எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எஸ்டர் திரவம் நிரப்பிய மின்மாற்றிகளுக்கும் இது பொருந்தும். அந்தத் திரவத்தில் ஃபர்ஃபுரால் கரையும் அளவும் தங்கும் விதமும் வேறு.

பதப்படுத்திய தாளுக்காக வேறு அடையாளங்களைத் தேடியவர்களில் கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் ஆய்வு நிறுவனத்து ஜால்பெர்ட்டும் அவருடைய குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள். 2007இல் அவர்கள் எண்ணெயில் கரைந்த மெத்தனாலை அப்படி ஒரு அடையாளமாக முன்வைத்தார்கள். சங்கிலி அறுபடும் எண்ணிக்கையோடு மெத்தனால் நேராக இணைந்து வருகிறது. பதப்படுத்திய தாளிலும் கிடைக்கிறது. ஃபர்ஃபுரால் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும் தொடக்க ஆண்டுகளிலேயே தெரிகிறது. எளிதில் ஆவியாகும் என்பதால் மாதிரியைக் காற்றுப் புகாமல் எடுத்து அனுப்ப வேண்டும். இது ஒரு சங்கடம். நம் ஆய்வகங்களில் இதையும் கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஃபர்ஃபுராலும் மற்ற சான்றுகளும் சேர்ந்து தாள் பலவீனமாகிவிட்டது என்று சொன்னால், உடனே கழித்துக் கட்ட வேண்டும் என்பதில்லை. உதிரும் தாளும் அசைக்காதவரை வேலை செய்யும். லோடைக் குறைத்து உச்ச வெப்பத்தை 12 டிகிரி இறக்கினால் கெடும் வேகம் கால்பங்காகும். குறுக்குச் சுற்று மின்னோட்டம் குறைவாக வரும் இடத்துக்கு மாற்றலாம் என்று நினைப்பார்கள். ஆனால் லாரியில் ஏற்றி இறக்கும் அதிர்வே நைந்த தாளுக்கு ஒரு சோதனை. இருக்குமிடத்திலேயே லேசான லோடில் வைத்துக்கொண்டு மாற்று மின்மாற்றிக்கு ஆர்டர் கொடுப்பதுதான் பெரும்பாலும் சரியான வழி.

கடைசியில் அந்த மின்மாற்றி ஓய்வு பெற்று, செம்புக்காக உடைக்கப்படும் நாள் வரும். தாளைத் தொட்டு அளக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. இங்கிலாந்தின் நேஷனல் கிரிட் நிறுவனம் கழித்த மின்மாற்றிகளை அறுத்துப் பார்த்து, சுருளின் உயரம் முழுவதும் தாள் எடுத்து டி.பி. அளப்பதை வழக்கமாக்கிக்கொண்டது. நம் மின் நிறுவனங்களும் கழிவு ஏலத்தின் நிபந்தனைகளிலேயே இதைச் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு கட்டத்தின் சுருளிலும் மேல் நுனியின் முதல் சில அடுக்குகள், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து கம்பியோடு ஒட்டிய உட்தாளை எடுக்க வேண்டும். இணைப்புக் கம்பியின் தாளையும் ஒப்பிட எடுக்கலாம். எண்ணெய் ஊறியபடியே, உயரமும் அடுக்கு எண்ணும் எழுதிய பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த டி.பி. எண்களையும், அதே மின்மாற்றியின் பழைய ஃபர்ஃபுரால் பதிவுகளையும் ஒரே தாளில் வரைந்தால், நம் வெயிலில், நம் லோடில், நம் எண்ணெய் வகையில் எத்தனை பிபிஎம் வரும்போது மேற்சுருள் 200ஐத் தொடுகிறது என்பது தெரியும். பத்திருபது மின்மாற்றிகளுக்கு இப்படிச் செய்துவிட்டால், சென்டாங்கின் எண்களைக் கடன் வாங்காமல் நமக்கென்று ஒரு கோட்டை வரைந்துகொள்ள முடியும்.